திரும்பி வந்த பணம்: வெண்டருக்கு என்ன எழுதுவது, புதிய வங்கி விவரத்தை எப்படி வாங்குவது

வெண்டருக்கு அனுப்பிய பணம் திரும்பி வந்துவிட்டால் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்குப் புதிதாக வந்தவர்கள் உடனே எழுதும் மெயில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "உங்கள் பணம் திரும்பிவிட்டது. சரியான வங்கி விவரத்தை இந்த மெயிலுக்குப் பதிலாக அனுப்புங்கள்." வேலை சீக்கிரம் முடியட்டும் என்றுதான் எழுதுகிறோம். ஆனால் வெண்டரின் மெயில் பெட்டிக்குள் வேறு யாராவது புகுந்து உட்கார்ந்திருந்தால் அந்த ஆளுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. கொடுக்க வேண்டிய பணம் உங்கள் கையில் தயாராக இருக்கிறது, அடுத்து வரும் கணக்கு எண்ணுக்கு அதை அனுப்பப் போகிறீர்கள் என்று நீங்களே சொல்லிவிடுகிறீர்கள். அவர் ஒரு கணக்கு எண்ணைத் தட்டினால் போதும்.

பணம் திரும்பியதைத் தெரிவிக்க மெயில் சரியான வழி. கணக்கு எண்ணை வாங்க அது சரியான வழி இல்லை. இந்த இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் போவோம். எடுத்துக்காட்டாக ஒரு பேக்கேஜிங் வெண்டரை வைத்துக்கொள்ளுங்கள். வேறு நாட்டில் இருக்கிறார். இன்வாய்ஸ் எண் 2207, தொகை 18,400 டாலர். அனுப்பிய ஐந்தாம் வேலை நாளில் பணம் திரும்புகிறது.

## 1. பணம் உண்மையிலேயே திரும்பியதா என்று பாருங்கள்

"பணம் திரும்பிவிட்டது" என்ற செய்தி எங்கிருந்து வந்தது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உங்கள் வங்கி ஸ்டேட்மென்ட்டில் வரவாக விழுந்திருந்தால்தான் அது திரும்பிய பணம். "நீங்கள் அனுப்பியது எங்களுக்கு வரவில்லை, வங்கி திருப்பி அனுப்பிவிட்டது, எங்கள் கணக்கு தணிக்கையில் இருக்கிறது, இந்தப் புதிய கணக்குக்கு அனுப்புங்கள்" என்று வெண்டர் பெயரில் மெயில் வந்து, ஸ்டேட்மென்ட்டில் எதுவும் இல்லை என்றால் நீங்கள் படிப்பது அநேகமாக மோசடி மெயில். பதில் எழுதாமல் நேராக படி 3-க்குப் போய், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணில் வெண்டரை அழையுங்கள்.

வரவு விழுந்திருந்தால் அதோடு வரும் காரணக் குறியீட்டைப் பாருங்கள். நெட் பேங்கிங்கில் பரிவர்த்தனையைத் திறந்தால் பெரும்பாலும் தெரியும். இல்லையென்றால் வங்கியைக் கேட்டால் தருவார்கள். பல நாட்டு வங்கிகள் இன்று ஒரே குறியீட்டு முறையைப் பயன்படுத்துகின்றன. அதில் அடிக்கடி கண்ணில் படுபவை இவை:

- `AC01`: கணக்கு எண் தவறு
- `AC04`: கணக்கு மூடப்பட்டுவிட்டது
- `AC06`: கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது
- `RC01`: வங்கியின் அடையாளக் குறியீடு தவறு

இதைப் பார்க்காமல் மெயில் எழுத உட்காராதீர்கள், ஏனென்றால் காரணத்தைப் பொறுத்து வேலையே மாறிவிடும். `AC01` அல்லது `RC01` வந்தால் தவறு உங்கள் பக்கமே இருக்கலாம். வெண்டரைச் சேர்த்தபோது வாங்கிய, சரிபார்த்த ஆவணத்தை எடுத்து, நீங்கள் அனுப்பிய எண்ணோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள். இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கிறது என்றால் வெண்டரிடம் எதையும் கேட்கத் தேவையில்லை. ஆவணத்தில் உள்ளபடி திருத்தி, இன்னொருவர் ஒப்புதலுடன் மறுபடி அனுப்பிவிட்டு, தாமதத்துக்கு வருத்தம் சொல்லி ஒரு வரி எழுதினால் போதும். கேட்கத் தேவையில்லாத இடத்தில் கணக்கு எண் கேட்பது, மூடியிருந்த கதவை நாமே திறந்து வைப்பது போல.

`AC06` கொஞ்சம் வேறு மாதிரி. கணக்கு இருக்கிறது, பணம் ஏறவில்லை. வெண்டருக்கும் அவருடைய வங்கிக்கும் இடையே ஆவணப் பிரச்சினை இருக்கலாம், நீதிமன்ற உத்தரவும் இருக்கலாம். "வேறு கணக்குக்கு அனுப்புங்கள்" என்று அவர் சொன்னால், அதை உங்கள் மேலாளரிடம் கொண்டு போகாமல் நீங்களாக முடிவு செய்ய வேண்டாம்.

நம் எடுத்துக்காட்டில் வந்தது `AC04`. கணக்கு மூடப்பட்டுவிட்டது என்றால் புதிய கணக்கு எண் வாங்கியே ஆக வேண்டும். மற்ற எல்லாவற்றையும்விட இதில்தான் சரிபார்ப்பு கடுமையாக இருக்க வேண்டும்.

## 2. மெயிலுக்கு முன் கணக்கைச் சரிசெய்யுங்கள்

18,400 போனது, 18,362 திரும்பி வந்தது. இடையில் உள்ள வங்கிகள் கட்டணம் பிடித்துக்கொண்டதால் 38 குறைந்திருக்கிறது. வெளிநாட்டுப் பணம் முழுதாகத் திரும்புவது அரிது. நாணயம் மாற்றி அனுப்பியிருந்தால் திரும்பும் நாளின் மாற்று விகித வித்தியாசமும் இதில் சேரும்.

பழைய பேமென்ட் பதிவை அழித்துவிட்டு ஒன்றும் நடக்காதது போல ஆக்க வேண்டாம். பணம் போனதும் உண்மை, வந்ததும் உண்மை. ஸ்டேட்மென்ட்டில் இரண்டும் இருக்கும், புத்தகத்திலும் இரண்டும் இருக்க வேண்டும். திரும்பிய நாளின் தேதியில் இப்படிப் பதியுங்கள்:

- வங்கி, பற்று: 18,362
- வங்கிக் கட்டணம், பற்று: 38
- வெண்டர் கணக்கு, வரவு: 18,400

இதனால் இன்வாய்ஸ் 2207 மறுபடி பாக்கியாகத் திறக்கும். புதியவர்கள் சிக்கும் இடம் இதற்கு அடுத்த அடி. திறந்த இன்வாய்ஸ் கெடு தாண்டியதாக இருப்பதால், கெடு வந்த இன்வாய்ஸ்களுக்கு மொத்தமாகப் பணம் அனுப்பும் அடுத்த பேமென்ட் ரன் அதைத் தானாக எடுத்து, மூடிய அதே கணக்குக்கு மறுபடி அனுப்பும். அது திரும்பி வர இன்னொரு வாரம், இன்னொரு கட்டணம். ஆகவே பதிவு போட்ட கையோடு, வெண்டர்களின் விவரங்கள் இருக்கும் பதிவேடான வெண்டர் மாஸ்டரில், அந்த வெண்டருக்குப் பணம் போகாமல் தடுக்கும் பேமென்ட் பிளாக் போட்டுவிடுங்கள். இந்த இன்வாய்ஸுக்கு மட்டும் இல்லை, வெண்டருக்கே போட வேண்டும்; அவருடைய மற்ற இன்வாய்ஸ்களும் அதே கணக்குக்குத்தான் போகக் காத்திருக்கும்.

## 3. நம்பகமான வழி எது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இதை மெயில் அனுப்புவதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டும், ஏனென்றால் அந்த வழியை மெயிலில் குறிப்பிடப் போகிறீர்கள். சோதனை எளிது: அந்தத் தொலைபேசி எண்ணோ முகவரியோ, பணம் திரும்புவதற்கு முன்பே, இந்த விவகாரத்தோடு சம்பந்தமில்லாத ஒரு இடத்திலிருந்து உங்களிடம் வந்ததா? ஆம் என்றால் நம்பலாம்.

கையெழுத்தான ஒப்பந்தத்தில் உள்ள எண், வெண்டரைச் சேர்த்தபோது பூர்த்தி செய்த படிவத்தில் உள்ள எண், உங்கள் கொள்முதல் பிரிவினர் பல மாதங்களாகப் பேசிவரும் எண், இவை நல்லவை. உங்கள் நிறுவனத்துக்கு வெண்டர் போர்ட்டல் இருந்து, அதில் நுழைய கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பும் இருந்தால் விவரங்களைப் பெற அதுவும் நல்ல வழி. ஆனால் போர்ட்டலில் மாற்றியிருந்தாலும் தொலைபேசி அழைப்பைத் தவிர்க்க வேண்டாம். வெண்டரின் மெயில் பெட்டி பிறர் கையில் இருந்தால் கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பும் அதே பெட்டிக்குத்தான் போகும்.

மெயிலின் அடியில் கையெழுத்தோடு வரும் எண், சமீபத்தில் மெயிலில் வந்த இன்வாய்ஸில் அச்சாகியிருக்கும் எண், "என்னை இந்த எண்ணில் கூப்பிடுங்கள்" என்று பதிலில் வரும் எண், இவை எதையும் பயன்படுத்தக் கூடாது. மெயிலை எழுதியவரே எண்ணையும் எழுதுகிறார், அவ்வளவுதான்.

வெண்டர் மாஸ்டரில் உள்ள எண்ணை நம்புவதற்கு முன் அது எப்போது, யாரால் மாற்றப்பட்டது என்று மாற்றப் பதிவைப் பாருங்கள். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பொறுமையான மோசடிக்காரர் முதலில் கணக்கு எண்ணில் கை வைப்பதில்லை. "எங்கள் அலுவலகத் தொலைபேசி எண் மாறிவிட்டது" என்று ஒரு சாதாரண மெயில் அனுப்பி அதைப் பதிய வைப்பார். சில வாரம் கழித்துத்தான் கணக்கு மாற்றம் வரும். நீங்கள் கடமையாக அழைப்பீர்கள், அவரே எடுப்பார். சமீபத்தில் எண் மாறியிருந்தால் அதற்கு முந்தைய எண்ணுக்கு அழையுங்கள். அதுவும் இல்லையென்றால் வெண்டரின் இணையதள முகவரியை நீங்களே தட்டச்சு செய்து, அங்குள்ள பொது எண்ணுக்கு அழைத்து, கணக்குப் பிரிவுக்கு இணைக்கச் சொல்லுங்கள்.

## 4. மெயிலை எழுதுங்கள்

பழைய மெயிலுக்கு 'ரிப்ளை' அழுத்தாமல் புதிய மெயில் தொடங்குங்கள். பழைய தொடரில் எங்காவது ஒரு போலி முகவரி நுழைந்திருந்தால் அதுவும் கூடவே வரும். பெறுநர் முகவரியை வெண்டர் மாஸ்டரிலிருந்து எடுங்கள். வெண்டர் நிறுவனத்தில் பதிவில் உள்ள இன்னொருவர், உதாரணமாக விற்பனைப் பொறுப்பாளர் இருந்தால் அவரையும் நகலில் சேருங்கள். ஒரு பெட்டி பிறர் கையில் இருந்தாலும் இன்னொரு பெட்டியில் உண்மையான ஆள் படிப்பார்.

மாதிரி:

> பொருள்: இன்வாய்ஸ் 2207: செலுத்திய தொகை வங்கியால் திருப்பப்பட்டது
>
> மதிப்பிற்குரிய கணக்குப் பிரிவினருக்கு,
>
> வணக்கம். இன்வாய்ஸ் 2207-க்காக 4-ஆம் தேதி நாங்கள் அனுப்பிய 18,400.00 டாலர், 11-ஆம் தேதி எங்கள் வங்கிக்குத் திரும்பி வந்துள்ளது. பெறும் கணக்கு மூடப்பட்டிருப்பதாக வங்கி காரணம் தெரிவித்துள்ளது. இன்வாய்ஸ் எங்கள் புத்தகத்தில் பாக்கியாகவே உள்ளது. அதன் தொகையில் எங்களுக்கு எந்த மறுப்பும் இல்லை.
>
> வங்கி விவரங்களை இந்த மெயிலுக்குப் பதிலாக அனுப்ப வேண்டாம். மெயிலில் வரும் கணக்கு விவரங்களை வைத்து நாங்கள் பணம் அனுப்புவதில்லை.
>
> நம் ஒப்பந்தத்தில் உள்ள உங்கள் அலுவலக எண்ணுக்கு, 13-ஆம் தேதி உங்கள் நேரப்படி காலை 10 முதல் 12 மணிக்குள் நாங்கள் அழைக்கிறோம். வங்கிக் கணக்கு பற்றிப் பேச அதிகாரம் உள்ள ஒருவர் அப்போது இருக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். கணக்கு மாற்றப் படிவமும் வங்கியின் உறுதிக் கடிதமும் தயாராக இருந்தால் நல்லது. அவற்றை அனுப்பும் முறையை அழைப்பில் தெரிவிப்போம்.
>
> இந்த மெயில் எங்களிடமிருந்துதான் வந்ததா என்று உறுதி செய்ய விரும்பினால், எங்கள் கொள்முதல் ஆணையில் உள்ள எண்ணுக்கு அழைத்துக் கணக்குப் பிரிவைக் கேளுங்கள். சரிபார்ப்பு முடிந்த பின் இரண்டு வேலை நாட்களுக்குள் தொகையை மறுபடி அனுப்புவோம்.
>
> நன்றி.
> (பெயர், பொறுப்பு, நிறுவனம்)

இதில் இல்லாதவற்றைக் கவனியுங்கள். பழைய கணக்கின் கடைசி நான்கு இலக்கம் இல்லை. அடையாளத்துக்காக அதைப் போடுவது பலருக்குப் பழக்கம். ஆனால் அழைப்பில் நாம் கேட்கப்போகும் கேள்விகளில் அதுவும் ஒன்று; விடையை முன்கூட்டியே தபாலில் போட்டுவிடக் கூடாது. இணைப்பு இல்லை, கோப்பு இல்லை, அழைக்க வேண்டிய எண்ணும் இல்லை. வெண்டர் பக்கமிருந்து யோசித்துப் பாருங்கள்: "உங்கள் பணம் திரும்பிவிட்டது, வங்கி விவரத்தை இங்கே நிரப்புங்கள்" என்று வரும் மெயில் அவருக்கும் மோசடி போலத்தான் தெரியும், தெரியவும் வேண்டும். அவரிடம் ஏற்கெனவே உள்ள எண்ணுக்கு அழைக்கச் சொல்வது அதனால்தான்.

"தொகையில் எங்களுக்கு மறுப்பு இல்லை" என்ற வாக்கியம் தேவையில்லாதது போலத் தோன்றும். அது இல்லாவிட்டால், பணம் கொடுக்காமல் இழுத்தடிக்க ஏதோ சாக்கு சொல்கிறார்கள் என்று வெண்டர் நினைப்பார். அடுத்த சரக்கை நிறுத்தி வைப்பார். தேதி குறிப்பிடுவதும் அதற்காகத்தான்.

## 5. சொன்ன பிறகும் மெயிலில் கணக்கு எண் வரும்

அனுப்ப வேண்டாம் என்று எழுதினாலும் அரை மணி நேரத்தில் ஒரு கணக்கு எண்ணோடு பதில் வந்து நிற்கும். நல்ல வெண்டர்களும் இப்படிச் செய்வார்கள், அவசரம். ஆகவே வந்ததற்காகவே சந்தேகப்பட வேண்டாம்; வந்ததற்காகவே நம்பவும் வேண்டாம். அந்த எண்ணை மாஸ்டரில் ஏற்றாதீர்கள், "பிறகு சரிபார்த்துக்கொள்ளலாம்" என்று வரைவாகக்கூட ஏற்றாதீர்கள். வரைவாக ஏறியது மாதக் கடைசி நெரிசலில் ஒப்புதலாகிவிடும்.

அனுப்பியவர் முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். `m` இருக்க வேண்டிய இடத்தில் `rn` இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. முகவரி சரியாக இருந்தும், பதில் அழுத்தும்போது பெறுநர் பெட்டியில் வேறு முகவரி வந்து விழுந்தால் அதுவும் அடையாளம். வெண்டர் ஒரு நாட்டில் இருக்க வங்கி இன்னொரு நாட்டில் இருப்பது, கணக்கு தனிநபர் பெயரிலோ வேறு நிறுவனத்தின் பெயரிலோ இருப்பது, "இன்று தொலைபேசியில் பேச முடியாது, கூட்டத்தில் இருக்கிறோம், மெயிலிலேயே முடித்துவிடுங்கள்" என்று வருவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் மேலாளரிடம் சொல்லுங்கள். ஆனால் இந்த அடையாளங்கள் எதுவுமே இல்லாத மோசடியும் உண்டு. வெண்டரின் உண்மையான பெட்டிக்குள்ளிருந்தே எழுதினால் முகவரி சரியாகத்தான் இருக்கும், எழுத்து நடைகூட அவருடையது போலவே இருக்கும்.

"இது சரிதானா என்று உறுதி செய்யுங்கள்" என்று அதே மெயிலுக்குப் பதில் கேட்பது சரிபார்ப்பு ஆகாது. அனுப்பியவரே 'சரிதான்' என்பார்.

## 6. நீங்கள் அழையுங்கள்

அழைப்பு உங்களிடமிருந்துதான் போக வேண்டும். வெண்டர் பெயரில் வரும் அழைப்பை எடுத்துப் பேசி முடிக்காதீர்கள். திரையில் தெரியும் எண்ணைப் போலியாகக் காட்ட முடியும், குரலையும் இப்போது நகலெடுக்கிறார்கள். "நன்றி, எங்கள் நடைமுறைப்படி நானே திரும்ப அழைக்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டு, பதிவில் உள்ள எண்ணுக்குப் போடுங்கள்.

எண்ணை நீங்கள் வாசித்து "சரிதானே?" என்று கேட்கக் கூடாது. யாரும் ஆமாம் சொல்லிவிடலாம். எதிர்முனையில் இருப்பவர் வாசிக்க வேண்டும், நீங்கள் எழுத வேண்டும். பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

"வணக்கம் மேடம், இன்வாய்ஸ் 2207 விஷயமாக மெயில் அனுப்பியிருந்தோம். விவரம் கேட்பதற்கு முன் இரண்டு கேள்வி. பழைய கணக்கின் கடைசி நான்கு இலக்கம் சொல்ல முடியுமா?"

"ஒரு நிமிஷம் சார்… சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்."

"நன்றி. இதற்கு முன் எங்களிடமிருந்து கடைசியாக வந்த தொகை எவ்வளவு, எந்தத் தேதியில் வரவானது?"

"அது லெட்ஜரைப் பார்த்துத்தான் சொல்லணும் சார்."

"பார்த்தே சொல்லுங்கள் மேடம், காத்திருக்கிறேன்."

லெட்ஜரைப் பார்க்க நேரம் கேட்பது நல்ல அறிகுறி. இந்த விடைகளும் முழு உத்தரவாதம் இல்லை. மெயில் பெட்டிக்குள் இருப்பவருக்கு, பணம் அனுப்பிய விவரத்தைச் சொல்லும் பழைய ரிமிட்டன்ஸ் அட்வைஸும் கிடைத்திருக்கலாம். நம்பகமான எண்ணுக்கு நீங்கள் அழைத்தீர்கள் என்பதுதான் இதில் முதன்மையான பாதுகாப்பு, கேள்விகள் அதற்குத் துணை. பிறகு கணக்கு ஏன் மாறியது, எப்போது மாறியது என்று கேளுங்கள். கடைசியில் புதிய கணக்கின் பெயர், எண், வங்கி, கிளை, வங்கிக் குறியீடு, நாணயம் ஆகியவற்றை வாசிக்கச் சொல்லி எழுதுங்கள். ஆவணங்களை எந்தப் பாதுகாப்பான வழியில் ஏற்ற வேண்டும் என்றும் இந்த அழைப்பிலேயே சொல்லுங்கள்.

அழைப்பு முடிந்ததும் ஒரு குறிப்பு எழுதிக் கோப்பில் போடுங்கள்: தேதி, நேரம், அழைத்த எண், அந்த எண் எந்த ஆவணத்திலிருந்து எடுக்கப்பட்டது, பேசியவர் பெயர், பொறுப்பு, எவை பொருந்தின. "தொலைபேசியில் உறுதி செய்யப்பட்டது" என்று மட்டும் எழுதினால் தணிக்கையாளர் முதலில் கேட்பது "எந்த எண்ணில்?" என்பதுதான்.

## 7. ஆவணங்களும் எண்களும்

மூன்று ஆவணங்கள் வாங்குங்கள். கையெழுத்திட அதிகாரம் உள்ளவர் ஒப்பமிட்ட கணக்கு மாற்றக் கோரிக்கை. வங்கி தன் கடிதத்தாளில் தந்த உறுதிக் கடிதம், மூன்று மாதத்துக்குள் தேதியிட்டதாக. இவற்றோடு ரத்து செய்த காசோலை அல்லது பரிவர்த்தனைகளை மறைத்த ஸ்டேட்மென்ட்டின் முதல் பக்கம். கடிதத்தாளில் இருக்கிறது என்பதற்காக நம்பிவிடாதீர்கள். பிடிஎஃப்-ஐத் திருத்துவது பத்து நிமிட வேலை. ஆவணத்தில் உள்ளதும் அழைப்பில் அவர் வாசித்ததும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதே கேள்வி.

எண் அமைப்பை உடனே சோதிக்கலாம். ஐபேன் என்ற சர்வதேச வங்கிக் கணக்கு எண் நாட்டுக்கு ஏற்ப நீளம் மாறும், 34 எழுத்துகளைத் தாண்டாது. முதல் இரண்டு எழுத்து நாடு, அடுத்த இரண்டு இலக்கம் சோதனை எண். ஓர் இலக்கம் தவறினால் சோதனை எண் பொருந்தாமல் போய்விடும். வங்கியை அடையாளம் காட்டும் ஸ்விஃப்ட் குறியீடு 8 அல்லது 11 எழுத்து. ஐந்தாவதும் ஆறாவதும் நாட்டைக் குறிக்கும், பொதுவாக ஐபேனின் நாட்டு எழுத்துகளோடு ஒத்துப்போகும். இந்தச் சோதனைகள் தட்டச்சுப் பிழையைப் பிடிக்கும். கணக்கு யாருடையது என்று சொல்லாது. மோசடிக்காரரின் கணக்கு எண்ணும் அமைப்பில் சரியாகத்தான் இருக்கும்.

யாருடையது என்பதைச் சொல்லும் வசதி சில இடங்களில் வந்துவிட்டது. பிரிட்டனில் 2020 முதலும், யூரோ மண்டலத்தில் 2025 அக்டோபர் முதலும், கணக்கின் பெயரும் எண்ணும் பொருந்துகிறதா என்று பணம் அனுப்பும் முன்பே வங்கி சொல்லிவிடுகிறது. உங்கள் வங்கி இப்படி ஒன்று தந்தால் பயன்படுத்துங்கள். 'பொருந்தவில்லை' என்று வந்தால் அனுப்பாதீர்கள். 'ஏறக்குறைய பொருந்துகிறது' என்று வந்தால் நிறுவனப் பெயரின் சுருக்கமா, வேறு நிறுவனமா என்று மறுபடி அழைத்துக் கேளுங்கள்.

சிறு தொகை அனுப்பிச் சோதிப்பதும் உண்டு. அதில் இரண்டு பள்ளங்கள். ஒரு டாலர் அனுப்பினால் வழியில் உள்ள வங்கியின் கட்டணமே அதை விழுங்கிவிடும். நாடு தாண்டும் பணமானால் 50 போன்ற, கட்டணம் போனாலும் மிஞ்சும் தொகையை அனுப்புங்கள். இரண்டாவது, "வந்துவிட்டது" என்ற உறுதி மெயிலில் வந்தால் அதற்கு மதிப்பில்லை. மோசடிக் கணக்கிலும் பணம் வந்துதான் சேரும். எவ்வளவு வரவானது என்று அதே பழைய தொலைபேசி எண்ணில் கேட்டால்தான் சோதனை பூர்த்தியாகும்.

## 8. மறுபடி அனுப்புவது, செலவு, காலம்

மாஸ்டரில் கணக்கை மாற்றுபவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் இன்னொருவர், பணத்தை விடுவிப்பவர் முடிந்தால் மூன்றாமவர். ஒப்புதல் தருபவர் மாற்றியவரின் வார்த்தையை அல்ல, அழைப்புக் குறிப்பையும் ஆவணங்களையும் பார்க்க வேண்டும். மாற்றம் ஏறியதும் பதிவில் உள்ள எல்லா பழைய தொடர்புகளுக்கும் "உங்கள் வங்கி விவரம் எங்கள் பதிவில் மாற்றப்பட்டது" என்று, எண்ணைக் குறிப்பிடாமல், ஒரு மெயில் போகட்டும். ஏதாவது தவறு என்றால் அதைப் பார்த்து யாராவது அழைப்பார்கள். அதற்கு ஒரு நாள் இடம் விட்டுப் பிளாக்கை எடுங்கள்.

மறுபடி அனுப்புவது 18,400. திரும்பி வந்த 18,362 அல்ல. இன்வாய்ஸ் பாக்கி முழுதாக இருக்கிறது. பரிவர்த்தனைக் குறிப்பில் இன்வாய்ஸ் எண்ணோடு இது மறுசெலுத்தல் என்றும் எழுதுங்கள். இல்லையென்றால் ஒரே இன்வாய்ஸுக்கு இரண்டு முறை பணம் போனதாகத் தெரிந்து உங்கள் கணினியோ தணிக்கையாளரோ நிறுத்துவார்கள். ரிமிட்டன்ஸ் அட்வைஸில் கணக்கின் கடைசி நான்கு இலக்கத்துக்கு மேல் காட்டாதீர்கள்.

38 டாலர் யார் கணக்கில்? கணக்கை மூடியதை வெண்டர் முன்கூட்டித் தெரிவிக்கவில்லை என்றால் அவரிடம் கேட்கலாம், ஆனால் ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால் மட்டும் பிடியுங்கள். எழுதாமல் பிடித்தால் இன்வாய்ஸில் 38 பாக்கி தொங்கிக்கொண்டே இருக்கும். அதற்காக இரு பக்கமும் மெயில் எழுதும் நேரம் 38-ஐவிட விலை கூடியது. தட்டச்சு உங்கள் பிழை என்றால் பேச்சே இல்லை, உங்கள் செலவு.

காலம்: மெயில் போன நாளிலிருந்து அழைப்புக்கு ஒன்று அல்லது இரண்டு வேலை நாள், ஆவணம் வர ஒன்றிரண்டு நாள், ஒப்புதலும் இடைவெளி நாளும் சேர்ந்து இரண்டு. பணம் போய்ச் சேருவதையும் சேர்த்தால் ஒன்றரை வாரம் என்று வெண்டரிடம் சொல்லுங்கள். கெடு தாண்டியதற்கு வட்டி கேட்கும் ஒப்பந்தமாக இருந்தால், திரும்பிய தேதியும் காரணமும் உள்ள வங்கிப் பதிவை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு மூடியது உங்கள் தவறு இல்லை என்பதற்கு அதுதான் ஆதாரம்.

தவறான கணக்குக்குப் பணம் போய்விட்டது என்று சந்தேகம் வந்தால், வெண்டரோடு மெயிலில் விவாதித்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே உங்கள் வங்கியின் மோசடிப் பிரிவை அழைத்து, பணத்தைத் திரும்பப் பெறும் கோரிக்கை போடச் சொல்லுங்கள். பரிவர்த்தனை எண், வெளிநாட்டுப் பணமானால் அது போன வழியைத் தேட உதவும் 36 எழுத்துள்ள `UETR` எண், தொகை, நேரம் நான்கும் கையில் இருக்கட்டும். பெறும் வங்கியின் மோசடிப் பிரிவுக்கும் நேராகச் சொல்லுங்கள், காவல்துறையில் புகாரும் பதியுங்கள். பணம் அந்தக் கணக்கில் இன்னும் இருந்தால் முடக்க முடியும். அது வேறு கணக்குகளுக்குப் பிரிந்து போக அதிக நேரம் எடுக்காது, ஆகவே கடிதம் தயாரித்து மேலாளர் கையெழுத்துக்குக் காத்திருக்காமல் முதலில் தொலைபேசியை எடுங்கள், கடிதம் பின்னால் போகட்டும்.